நம்பிக்கைக்கு ஒரு எண்: நாடுகளை ஒப்பிடும் அரசியல் ஆய்வுகளைப் படிப்பது எப்படி

"ஒரு நாட்டில் 80 சதவீதம் பேர் அரசை நம்புகிறார்கள், இன்னொரு நாட்டில் 35 சதவீதம்தான்." இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்ததும், முதல் நாட்டில் ஆட்சி நன்றாக நடக்கிறது, இரண்டாவதில் மக்கள் வெறுத்துப்போயிருக்கிறார்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளை ஒரே அளவுகோலால் அளந்தவைதானா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான்.

அரசியல் நம்பிக்கையும் குடிமக்களின் பங்கேற்பும் எப்படி எண்ணாகின்றன, அந்த எண்களை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வைத்துப் பார்க்கும்போது என்ன கெடுகிறது என்பதைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக இங்கே விளக்குகிறோம். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், சதவீதம் போதும்.

கேள்வியும் வெட்டுப்புள்ளியும்

"நம்பிக்கை என்றால் என்ன" என்று எந்த ஆய்வும் மக்களுக்கு விளக்கிவிட்டுக் கேட்பதில்லை. நாடாளுமன்றம், நீதிமன்றம், காவல்துறை, அரசியல் கட்சிகள் என்று ஒவ்வோர் அமைப்பாகப் பெயர் சொல்லி, "இதை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லக் கொடுக்கும் அளவுகோல்தான் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 1981-இல் தொடங்கிய உலக விழுமிய ஆய்வு நான்கு பதில்களைத் தருகிறது: மிக அதிகம், ஓரளவு அதிகம், அவ்வளவாக இல்லை, அறவே இல்லை. 2002 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஐரோப்பிய சமூக ஆய்வு 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் யூரோபாரோமீட்டரில் இரண்டே பதில்தான்: நம்பும் பக்கம் சாய்கிறீர்களா, நம்பாத பக்கமா. ஆப்பிரிக்க நாடுகளில் 1999-இல் தொடங்கிய ஆஃப்ரோபாரோமீட்டர் நான்கு படி வைத்திருப்பதோடு, "கருத்துச் சொல்லும் அளவுக்கு அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லையா?" என்பதையும் கேள்வியிலேயே சேர்த்துவிடுகிறது.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் செய்தியில் வரும் சதவீதம் இதில்தான் உருவாகிறது. 0 முதல் 10 வரையிலான அளவுகோலை "நம்புகிறவர்கள்" என்ற ஒற்றைச் சதவீதமாக மாற்ற வேண்டுமென்றால் எங்கேயாவது வெட்ட வேண்டும். 5 என்று சொன்னவரை எந்தப் பக்கம் போடுவது? பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஓஇசிடி அமைப்பு 2023-இல் தன் உறுப்பு நாடுகளில் 30-இல் நடத்திய நம்பிக்கை ஆய்வில் 6 முதல் 10 வரை சொன்னவர்களை நம்புகிறவர்களாகவும், 0 முதல் 4 வரை சொன்னவர்களை நம்பாதவர்களாகவும் எடுத்துக்கொண்டு, 5-ஐ நடுநிலை என்று தனியாக வைத்தார்கள். நாட்டின் மைய அரசை நம்புகிறவர்கள் 39 சதவீதம், நம்பாதவர்கள் 44 சதவீதம் என்று வந்தது. மீதி 17 சதவீதம் பேர் நடுவில் நின்றவர்களும் தெரியாது என்றவர்களும். நடுவில் நின்றவர்களைப் பெருந்தன்மையாக முதல் கூட்டத்தோடு சேர்த்திருந்தால், "பாதிப் பேருக்கு மேல் அரசை நம்புகிறார்கள்" என்றுகூடத் தலைப்பு வந்திருக்கலாம். ஆய்வில் யாரும் பொய் சொல்லவில்லை. வெட்டிய இடம்தான் வேறு.

"தெரியாது" என்பவர்களை எங்கே வைக்கிறார்கள் என்பதும் இதே அளவுக்கு எண்ணை ஆட்டும். 1,200 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 480 பேர் நம்புகிறோம் என்கிறார்கள், 480 பேர் நம்பவில்லை என்கிறார்கள், 240 பேர் தெரியாது என்கிறார்கள். மொத்தப் பேரால் வகுத்தால் நம்புகிறவர்கள் 40 சதவீதம். தெரியாது என்றவர்களை நீக்கிவிட்டு வகுத்தால் 50 சதவீதம். தெரியாது என்பதைக் கேள்வியிலேயே சொல்லும் ஆய்வில் அப்படிச் சொல்கிறவர்கள் கூடுதலாக இருப்பார்கள். பதிலளிப்பவர் தானாகச் சொன்னால் மட்டும் குறித்துக்கொள்ளும் ஆய்வில் குறைவாக இருப்பார்கள். ஆகவே இரண்டு வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து ஆளுக்கொரு நாட்டை எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டிருந்தால், அந்த வரைபடத்தை நம்பி எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

கேள்வியில் குறிப்பிடும் பொருள் எது என்பது அடுத்த சிக்கல். அமெரிக்காவில் 1958-இலிருந்து கேட்கப்படும் புகழ்பெற்ற கேள்வி ஒன்று உண்டு: "வாஷிங்டனில் உள்ள அரசு சரியானதைச் செய்யும் என்று எவ்வளவு நேரம் நம்ப முடியும்?" அப்போது நான்கில் மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் "எப்போதும்" அல்லது "பெரும்பாலும்" என்றார்கள். 1964-இல் 77 சதவீதம். அண்மை ஆண்டுகளில் அது 20 சதவீதத்தை ஒட்டியே கிடக்கிறது. இந்தச் சரிவு தொடங்கியபோது, 1974-இல் ஆர்தர் மில்லர், ஜாக் சிட்ரின் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். ஆட்சிமுறையின் மீதே மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்பது மில்லரின் வாதம். அப்போதைக்கு ஆட்சியில் இருப்பவர்களைத் திட்டுவதையே இந்தக் கேள்வி பிடிக்கிறது, வழக்கமாகச் சொல்லும் சலிப்பும் அதில் கலந்திருக்கிறது என்பது சிட்ரினின் வாதம். சிட்ரின் பக்கம் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது: வெள்ளை மாளிகையில் தன் கட்சிக்காரர் உட்கார்ந்ததும் அந்தக் கட்சி ஆதரவாளர்களின் நம்பிக்கை ஏறுகிறது, மாற்றுக் கட்சிக்காரர்களுடையது இறங்குகிறது. அமைப்பின் மீதுள்ள நம்பிக்கை மட்டும்தான் என்றால், ஒரு தேர்தல் முடிவு அதை இப்படிப் புரட்டிப்போடாது.

இதை நாடுகளுக்கு இடையே கொண்டுபோனால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆட்சிகள் அடிக்கடி மாறும் நாட்டில் "அரசு" என்றதும் ஒருவர் இப்போதைய அமைச்சரவையை நினைக்கலாம். ஒரே கட்சி பல பத்தாண்டுகளாக ஆளும் நாட்டில் அரசு, கட்சி, நாடு மூன்றும் ஒன்றாகவே மனதில் வரும். அங்கே "அரசை நம்புகிறீர்களா?" என்பது ஏறக்குறைய "நாட்டின் மீது பற்று இருக்கிறதா?" என்ற கேள்வியாகிவிடும்.

ஆளுக்கொரு முழம்

ஒரே ஆய்வு, ஒரே கேள்வி, ஒரே அளவுகோல், நல்ல மொழிபெயர்ப்பு என்று எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு பிரச்சினை மிஞ்சும். "ஓரளவு" என்ற பதிலை ஒவ்வொருவரும் தன் அனுபவத்தை வைத்து அளக்கிறார்கள். அவரவர் கையால் முழம் போட்டால் துணியின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவது போலத்தான் இது. அதிகம் எதிர்பார்த்துப் பழகியவர் குறைத்து மதிப்பிடுவார். எதையும் எதிர்பார்க்காமல் வளர்ந்தவருக்குச் சின்ன விஷயமே பெரிதாகத் தெரியும்.

இதைத் தெளிவாகக் காட்டியது 2004-இல் கேரி கிங்கும் அவரோடு சேர்ந்த மூவரும் வெளியிட்ட ஆய்வு. உலக சுகாதார அமைப்பு திரட்டிய தரவிலிருந்து சீனாவையும் மெக்சிகோவையும் எடுத்துக்கொண்டார்கள். கேள்வி, நம்பிக்கைக்கு நெருங்கிய உறவான ஒன்றைப் பற்றியது: "உங்களுக்கு அக்கறையுள்ள பிரச்சினைகளை அரசு கவனிக்கும்படி செய்வதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு செல்வாக்கு?" பதில்கள் ஐந்து: அறவே இல்லை, சிறிதளவு, ஓரளவு, நிறைய, வரம்பே இல்லை. மெக்சிகோவில் அதற்குச் சற்று முன்புதான், 2000-இல், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி தேர்தலில் தோற்று ஆட்சி கைமாறியிருந்தது. சீனாவில் அப்படி ஒரு தேர்தலே கிடையாது. ஆனால் பதில்களை அப்படியே கூட்டிப் பார்த்தால், சீனர்கள் தங்களுக்குச் செல்வாக்கு அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். மெக்சிகோக்காரர்கள்தான் அறவே இல்லை என்று கைவிரித்திருந்தார்கள்.

இந்த ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது. ஒவ்வொருவரிடமும் சில கற்பனை மனிதர்களின் நிலைமையைச் சொல்லி, அவர்களையும் அதே ஐந்து படி அளவுகோலில் மதிப்பிடச் சொன்னார்கள். எல்லாருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஒருவருடைய ஊரில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் சேர்ந்து எதிர்க்கட்சி வேட்பாளரை ஆதரிக்கிறார்கள், அவர் வெல்வார் என்றே தெரிகிறது. இன்னொருவர் மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக் கட்சிகளிடம் கொடுக்கப் போகிறார். கடைசியில் வரும் மோசஸ் என்பவருக்கு வாக்குரிமையே இல்லை. அரசில் யாருக்கும் இதில் அக்கறையில்லை என்று நினைக்கிறார். என்றாவது ஏதாவது நடக்கும் என்ற எண்ணத்தில் வாய்மூடிச் சகித்துக்கொள்கிறார். பெயர்களை அந்தந்த நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார்கள். நிலைமை மட்டும் மாறாது.

இனி திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். முதல் ஆள் தன் செல்வாக்குக்கு 2, அதாவது "சிறிதளவு" என்கிறார். மோசஸுக்கு 3, "ஓரளவு" என்கிறார். இரண்டாவது ஆள் தனக்கு 1, "அறவே இல்லை" என்கிறார். மோசஸுக்கும் 1 என்கிறார். நேரடியாக ஒப்பிட்டால் முதல் ஆளே மேலே. ஆனால் மோசஸ் இருவருக்கும் பொதுவான ஒரு குறி. முதல் ஆள் தன்னை மோசஸுக்கும் கீழே வைக்கிறார். இரண்டாவது ஆள் மோசஸுக்குச் சமமாக வைக்கிறார். ஆக உண்மை நிலையில் இரண்டாவது ஆள்தான் மேலே. கற்பனை மனிதர்கள் ஐந்து பேர் என்றால், அவர்களில் ஒவ்வொருவருக்கும் கீழே, சமம், மேலே என்று மொத்தம் 11 இடங்கள் கிடைக்கும். பதிலளித்தவர் எந்த இடத்தில் விழுகிறார் என்பதே திருத்திய அளவு.

இப்படித் திருத்தியதும் வரிசை தலைகீழானது. மெக்சிகோ மேலே போய்விட்டது. சீனாவில் பதிலளித்தவர்களில் 40 சதவீதத்துக்கு மேலானவர்கள், வாய்மூடிச் சகிக்கும் அந்த மனிதரைவிடத் தங்களுக்குச் செல்வாக்கு குறைவு என்றே மதிப்பிட்டிருந்தார்கள். திருத்தாத தரவை வைத்துக் கட்டுரை எழுதியிருந்தால், நேர்மாறான முடிவை நேர்மையாகவே எழுதியிருப்போம்.

இந்த முறைக்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒருவர் தன்னை அளக்கும் அதே கோலால்தான் கற்பனை மனிதரையும் அளக்க வேண்டும். அந்தக் கதையை இரண்டு நாட்டவரும் ஒரே மாதிரிப் புரிந்துகொள்ளவும் வேண்டும். மனு கொடுப்பது ஒரு நாட்டில் சாதாரணமாகவும் இன்னொரு நாட்டில் ஆபத்தாகவும் இருந்தால், இரண்டாவது நிபந்தனை உடைகிறது. தவிர, ஒரு கேள்விக்கு ஐந்து கதை சொல்லிக்கொண்டிருந்தால் பேட்டி நீண்டுவிடும். ஆகவே பெரிய ஆய்வுகளின் நம்பிக்கைக் கேள்விகளோடு இப்படிப்பட்ட கதைகள் வழக்கமாக இருப்பதில்லை. நாம் பார்க்கும் நம்பிக்கைப் பட்டியல்கள் ஏறக்குறைய எல்லாமே திருத்தாதவை.

அப்படியானால் அவற்றை என்ன செய்வது? எங்கள் பரிந்துரை: நாட்டுக்கு நாடு அளவை ஒப்பிடுவதற்கு முன், ஒரு நாட்டுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரே ஆள் காவல்துறைக்கு 7, நாடாளுமன்றத்துக்கு 5 கொடுத்தால், அவர் தாராளமாக எண் கொடுப்பவரா கஞ்சமாகக் கொடுப்பவரா என்பது கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். 2 புள்ளி வித்தியாசம் மிஞ்சும். அந்த வித்தியாசத்தை இன்னொரு நாட்டின் வித்தியாசத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் பாதுகாப்பானது. அதேபோல ஒரே நாட்டில், ஒரே கேள்வியால், ஒரே முறையில் ஆண்டுக்கு ஆண்டு அளந்த ஏற்ற இறக்கத்தையும் நம்பலாம். இது முழுமையான மருந்து அல்ல. சிலர் 0, 10 என்று ஓரங்களுக்கே போவார்கள். சிலர் 4-க்கும் 6-க்கும் நடுவிலேயே நிற்பார்கள். அந்த நீட்டல் குறுக்கல் கழித்தலில் போகாது.

யார் கேட்கிறார்கள் என்ற பயம்

முழம் மாறுவது ஒரு பிரச்சினை. மனதில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது வேறு பிரச்சினை; இதைக் கற்பனை மனிதர்களால் திருத்த முடியாது.

உலக விழுமிய ஆய்வில் சீன அரசின் மீதான நம்பிக்கை 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. அதில் எவ்வளவு உண்மையான திருப்தி, எவ்வளவு எச்சரிக்கை? ஆஃப்ரோபாரோமீட்டர் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. பேட்டி முடிந்ததும், "இந்த ஆய்வுக்கு எங்களை அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். தாங்கள் தனி ஆய்வு நிறுவனம் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தும், கணிசமானவர்கள் அரசு அனுப்பியது என்றே பதில் சொல்கிறார்கள். அப்படி நினைப்பவர்களின் நம்பிக்கை எண்ணையும், அப்படி நினைக்காதவர்களின் எண்ணையும் தனித்தனியாகப் பார்த்தால், அச்சம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும். கட்டுப்பாடு மிகுந்த ஆட்சி உள்ள நாடுகளில் இந்த இடைவெளி பெரிதாகிறது.

இதைவிட நேரடியான முறை பட்டியல் சோதனை. பதிலளிப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் குழுவுக்கு ஆபத்தில்லாத மூன்று வாக்கியங்கள் கொண்ட பட்டியல். இரண்டாவது குழுவுக்கு அதே மூன்றோடு, "மைய அரசை நம்புகிறேன்" என்ற நான்காவது வாக்கியமும். எந்தெந்த வாக்கியம் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பொருந்துகிறது என்ற எண்ணிக்கையைச் சொன்னால் போதும். யார் எதை ஒப்புக்கொண்டார் என்பது பேட்டி எடுப்பவருக்கே தெரியாது.

கணக்கு எளிது. முதல் குழுவின் சராசரி 1.90, இரண்டாவது குழுவின் சராசரி 2.55 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.65. நான்காவது வாக்கியத்தைச் சேர்த்ததால்தான் அந்த வித்தியாசம் வந்தது, ஆகவே 65 சதவீதம் பேருக்கு அது பொருந்துகிறது. அதே ஆய்வில் நேரடியாகக் கேட்டபோது 90 சதவீதம் பேர் நம்புகிறோம் என்றிருந்தால், 25 புள்ளிகள் எச்சரிக்கையால் வந்தவை என்று மதிப்பிடலாம். சீனாவில் இம்முறையில் நடந்த ஆய்வுகள் கண்ட இடைவெளி ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தது. ரஷ்யாவில் 2015-இல் புதினின் ஆதரவைப் பற்றி நடந்த பட்டியல் சோதனையில் இடைவெளி அதைவிடச் சிறியது. நேரடியாகச் சொன்னதில் பெரும்பகுதி உண்மையாகவே தெரிந்தது. ஆகவே "சர்வாதிகார நாட்டின் எண் எல்லாம் பொய்" என்று ஒரே அடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

இந்த முறையின் பலவீனம் அதன் ஆட்டம். குழுவுக்கு 500 பேர், பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் 0.9 என்றால், 65 சதவீதம் என்ற அந்த மதிப்பீட்டில் முன்னும் பின்னும் 11 புள்ளி வரை தவறு இருக்கலாம். 54-ஆகவும் இருக்கலாம், 76-ஆகவும் இருக்கலாம். இன்னொன்று: முதல் மூன்று வாக்கியங்களும் எல்லாருக்கும் பொருந்துவதாக இருந்தால், "நான்கு" என்று சொல்வதே நான்காவதையும் ஒப்புக்கொள்வதாகிவிடும், ரகசியம் போய்விடும். "மூன்று" என்றாலும் அரசை நம்பவில்லை என்பது வெளிப்படும். நல்ல பட்டியலில் ஒன்று பெரும்பாலாருக்குப் பொருந்தும், ஒன்று யாருக்கும் அவ்வளவாகப் பொருந்தாது.

பங்கேற்பு: நடந்ததா, நினைவில் இருக்கிறதா?

பங்கேற்பை அளப்பது எளிது என்று தோன்றும். வாக்களித்தீர்களா, மனுவில் கையெழுத்திட்டீர்களா, ஊர்வலத்தில் போனீர்களா என்பதெல்லாம் நடந்த செயல்கள். இவற்றில் முழத்துக்கு இடமில்லை. வாக்களித்ததை வாக்காளர் பதிவேட்டோடு சரிபார்க்கவும் முடியும். அப்படிச் சரிபார்த்தபோதுதான் நிலைமை தெரிந்தது. அமெரிக்கத் தேர்தல் ஆய்வில் வாக்களித்தோம் என்று சொல்பவர்கள், உண்மையான வாக்குப்பதிவைவிடத் தொடர்ந்து 10 புள்ளிக்கு மேல் கூடுதலாக இருக்கிறார்கள். எல்லாம் பொய்யும் அல்ல. வாக்களிப்பவர்களே ஆய்வுக்கும் கதவைத் திறக்கிறார்கள் என்பது ஒரு பங்கு. போன தேர்தலையும் அதற்கு முந்தையதையும் குழப்பிக்கொள்வது ஒரு பங்கு. வாக்களிக்கவில்லை என்று சொல்லக் கூசுவது ஒரு பங்கு. அந்தக் கூச்சத்தைக் குறைக்கத்தான் ஐரோப்பிய சமூக ஆய்வின் கேள்வி, "இப்போதெல்லாம் சிலர் ஏதோ ஒரு காரணத்தால் வாக்களிப்பதில்லை" என்று தொடங்குகிறது.

நாடுகளை ஒப்பிடுபவருக்கு வரும் சிக்கல், இந்த மிகை எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை என்பது. வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், வாக்களிப்பவர்கள் அதிகமுள்ள நாட்டில்தான் வாக்களிக்காதவர் அதை மறைக்கும் வாய்ப்பும் அதிகம் என்று தெரிந்தது. எல்லாரும் செய்வதைச் செய்யாமல் விட்டால் கூச்சம் கூடுதல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டில் உண்மையான வாக்குப்பதிவு 85 சதவீதம்; வாக்களிக்காத 15 சதவீதத்தில் பாதிப் பேர் வாக்களித்தோம் என்கிறார்கள். ஆய்வில் 92.5 வரும். இன்னொரு நாட்டில் 55 சதவீதம். வாக்களிக்காத 45 சதவீதத்தில் மூன்றில் ஒருவர் அப்படிச் சொல்கிறார். ஆய்வில் 70 வரும். உண்மையான இடைவெளி 30 புள்ளி. ஆய்வு காட்டுவது 22.5.

எண் சரியாகவே இருந்தாலும் அதன் பொருள் மாறலாம். ஆஸ்திரேலியாவில் 1924 முதல் வாக்களிப்பது கட்டாயம், தவறினால் அபராதம். வாக்குப்பதிவு 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. ஆனால் அங்கே ஆண்டுக்கு நான்கு முறை வரை பொதுவாக்கெடுப்பு நடக்கிறது. ஒரு தேர்தலில் ஒதுங்கியவர் அடுத்த வாக்கெடுப்பில் வரலாம். இந்த இரண்டு எண்களை வைத்து ஆஸ்திரேலியருக்குத்தான் அரசியலில் அக்கறை அதிகம் என்று சொன்னால், சட்டத்தை அளந்துவிட்டு மனதை அளந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

வாக்களிப்பதைத் தாண்டியவற்றில் கால எல்லைதான் பொறி. உலக விழுமிய ஆய்வு மனுவில் கையெழுத்திட்டதைக் கேட்கும்போது, செய்திருக்கிறேன், செய்யக்கூடும், ஒருபோதும் செய்ய மாட்டேன் என்று மூன்று பதில்களைத் தருகிறது. எப்போது செய்தார் என்ற எல்லை இல்லை. ஐரோப்பிய சமூக ஆய்வு கடந்த 12 மாதங்களை மட்டும் கேட்கிறது. முதலாவதில் முதியவர்கள் நிறைய உள்ள நாடு தானாகவே மேலே வரும், ஏனென்றால் கையெழுத்திட அவர்களுக்கு ஆயுள் முழுக்க வாய்ப்பு இருந்திருக்கிறது. இரண்டாவதில், ஆய்வு நடந்த ஆண்டில் ஒரு பெரிய போராட்டம் வெடித்த நாடு மேலே வரும். இரண்டும் தவறான கேள்விகள் அல்ல. ஆனால் ஒன்றின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைக்கக் கூடாது.

மாதிரியும் பேட்டி முறையும்

இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். 1,000 பேரை முறையாகக் குலுக்கல் போட்டு எடுத்தால் சதவீதத்தில் முன்னும் பின்னும் 3 புள்ளி ஆட்டம் இருக்கும். செலவைக் குறைக்கத் தெருத் தெருவாகக் கொத்தாக ஆட்களை எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே மாதிரிச் சிந்திப்பதால் ஆட்டம் ஏறக்குறைய 4 ஆகும். இரண்டு நாடுகளின் வித்தியாசத்துக்கு அது 5-ஐத் தாண்டும். தரவரிசையில் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் முன்னே பின்னே இருக்கும் நாடுகளை ஒரே இடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டி முறை மாறினால் ஒப்பீடும் உடையும். நேரில் ஒருவர் உட்கார்ந்து கேட்கும்போது மக்கள் கொஞ்சம் மரியாதையான பதிலைச் சொல்கிறார்கள். தனியாகத் திரையிலோ தாளிலோ நிரப்பும்போது கடுமையாகிறார்கள். கொரோனா காலத்தில் ஐரோப்பிய சமூக ஆய்வின் பத்தாவது சுற்றில் ஜெர்மனி, ஸ்பெயின், போலந்து உள்ளிட்ட 9 நாடுகள் நேர்காணலை விட்டுத் தாங்களே நிரப்பும் முறைக்குப் போயின. அந்த நாடுகளின் எண் முந்தைய சுற்றிலிருந்து மாறியிருந்தால், மாறியது மனமா முறையா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தரவுக் கோப்பைத் திறந்ததும்

ஐரோப்பிய சமூக ஆய்வின் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொடங்குபவர்கள் அதில் மூன்று நெடுவரிசைகளைப் பார்த்தால் போதும்: `trstprl` நாடாளுமன்றத்தின் மீதான நம்பிக்கை, `vote` வாக்களித்தாரா என்பது, `anweight` ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டிய எடை. எடையைப் போடாமல் பல நாடுகளைச் சேர்த்து ஒரு சராசரி எடுத்தால், ஜெர்மனியின் குரலோடு பார்க்கும்போது ஐஸ்லாந்தின் குரல் அதன் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகிவிடும்.

`trstprl` நெடுவரிசையில் 0 முதல் 10 வரை தவிர 77, 88, 99 என்ற எண்களும் இருக்கும். 77 என்றால் பதில் சொல்ல மறுத்தார், 88 என்றால் தெரியாது என்றார், 99 என்றால் பதில் பதிவாகவில்லை. இவற்றை நீக்காமல் சராசரி எடுப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. 1,000 பேரில் 970 பேரின் சராசரி 4.5, மீதி 30 பேர் 88 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீக்காமல் கூட்டினால் சராசரி 7.0 என்று வரும். தெரியாது என்பவர்கள் அதிகமுள்ள நாடு நம்பிக்கையில் முதலிடத்துக்கே போய்விடும்! சராசரி எடுப்பதற்கு முன் நெடுவரிசையின் மிகப் பெரிய எண் என்ன என்று பார்த்தாலே இதைப் பிடித்துவிடலாம். 10-க்கு மேல் எது இருந்தாலும் அது பதில் அல்ல.

`vote` நெடுவரிசையில் 1 என்றால் வாக்களித்தார், 2 என்றால் இல்லை, 3 என்றால் வாக்களிக்கும் தகுதியே இல்லை. வெளிநாட்டுக் குடிமக்கள் நிறைய வாழும் நாட்டில் 3 அதிகம் இருக்கும். 1,000 பேரில் 600 பேர் வாக்களித்து, 200 பேர் வாக்களிக்காமல், 200 பேர் தகுதியில்லாமல் இருந்தால், தகுதியுள்ளவர்களில் வாக்களித்தவர்கள் 75 சதவீதம். எல்லாரிலும் 60 சதவீதம். எதை வகுஎண்ணாக வைத்தீர்கள் என்பதை அட்டவணையின் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அடுத்த நாட்டுக்கும் அதையே வைத்தீர்களா என்று, அட்டவணையைப் படிப்பவர் முதலில் அந்த வரியில்தான் பார்ப்பார்.